ராத்திரி பத்தரை மணி பிரச்சனை: செலவு, போன், சாப்பாடு மூணுக்கும் சேர்த்து சுயக்கட்டுப்பாடு பழகுறது எப்படி

சுயக்கட்டுப்பாடுன்னு சொன்னதும் நிறைய பேருக்கு மனசுல வர்றது பல்ல கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்குற ஒரு ஆள்தான். முன்னாடி பிரியாணி ஆவி பறக்குது, இவரு முகத்த அந்தப்பக்கம் திருப்பிக்கிட்டு "வேண்டாம் வேண்டாம்"னு இருக்காரு. இதுவும் கட்டுப்பாடுதான், இல்லன்னு சொல்லல. ஆனா இருக்குறதுலயே சீக்கிரம் உடையிற கட்டுப்பாடு இதுதான், இத நம்பி இறங்குனவங்க எல்லாரும் மூணாவது நாளோ நாலாவது நாளோ பழையபடி ஆயிடுறாங்க, அப்புறம் "எனக்கு வில் பவரே இல்லப்பா"ன்னு தன்னையே திட்டிக்கிறாங்க.

பழைய ஆளுங்க இத நல்லாவே பிரிச்சு வச்சிருக்காங்க. அரிஸ்டாட்டில் ரெண்டு பேர தனித்தனியா காட்டுறாரு. ஒருத்தன் ஆசையோட சண்டை போட்டு ஜெயிக்கிறவன். இன்னொருத்தனுக்கு அளவுக்கு மேல ஆசையே எழும்புறதில்ல, அதனால சண்டையே இல்ல. ரெண்டு பேரும் ரெண்டாவது ப்ளேட்ட வேண்டாம்னுதான் சொல்றாங்க, வெளிய இருந்து பாத்தா வித்தியாசம் தெரியாது. ஆனா அவரு நற்குணம்னு ஒத்துக்கிறது ரெண்டாவது ஆளோடதத்தான், மொதல் ஆளு அதுக்கு ஒரு படி கீழ. நம்ம குறள்ல பாத்தீங்கன்னா இன்னொரு சுவாரசியம் இருக்கு, அடக்கமுடைமை 13வது அதிகாரம், அது துறவறவியல்ல இல்ல, இல்லறவியல்ல இருக்கு. அதாவது காட்டுக்குப் போன சாமியாருக்குன்னு ஒதுக்கல, சம்பளம் வாங்கி வீட்டு வாடகை கட்டி விருந்தாளிக்கு சோறு போடுற ஆளுக்கு வேண்டியதுன்னு வள்ளுவர் வச்சிருக்காரு. அதனால நானும் இங்க ஆசைய அழிக்கிற வழி எதுவும் சொல்லப் போறதில்ல, சண்டைய குறைக்கிற வழி மட்டும்தான்.

இதுக்கு ஆராய்ச்சிப் பக்கமும் ஆதரவு இருக்கு. 2012ல ஜெர்மனில ஒரு ஆய்வு, 200 பேருக்கு மேல ஆளுக்கொரு கருவிய கையில குடுத்து, நாள்ல பல தடவ அது அடிக்கும்போதெல்லாம் "இப்போ என்ன ஆசை வந்துச்சு, எதிர்த்தீங்களா"ன்னு பதிவு பண்ணச் சொன்னாங்க. சுயக்கட்டுப்பாடு அதிகம்னு தெரிஞ்சவங்க ஆசைய அதிகமா எதிர்த்துப் போராடிருப்பாங்கன்னுதான நெனைப்போம். இல்ல, அவங்களுக்கு அந்த மாதிரி இழுபறியே கம்மியா வந்திருக்கு. வில் பவர்ங்கிறது பயன்படுத்த பயன்படுத்த தீந்து போற சரக்குன்னு 1998ல இருந்து ஒரு கருத்து ஓடிட்டு இருந்துச்சு, குக்கிய தொடாம முள்ளங்கிய மட்டும் சாப்பிடச் சொன்னவங்க அடுத்து குடுத்த கஷ்டமான புதிர சீக்கிரமே கைவிட்டாங்கன்னு ஒரு சோதனைல இருந்து வந்தது அது. 2016ல 20க்கும் மேற்பட்ட ஆய்வகங்கள் சேர்ந்து அந்தக் கருத்த திரும்ப சோதிச்சப்போ கிட்டத்தட்ட ஒண்ணுமே கிடைக்கல. ஸோ "இன்னைக்கு ஆபீஸ்ல வில் பவர் எல்லாம் தீந்துபோச்சு, அதான் ஆர்டர் போட்டேன்"ங்கிறத ரொம்ப நம்பாதீங்க. தீந்தது பெரும்பாலும் வேற ஏதாவதா இருக்கும், கீழ சொல்றேன்.

வழிகாட்டி பொதுவா போனா யாருக்கும் ஒட்டாது, அதனால ஒரே ஒரு ஆள எடுத்துக்குறேன், என் மச்சினன். வயசு 27, கோயம்புத்தூர்ல வேலை, ஷிப்ட் ஒம்பது மணிக்கு முடியும், ரூமுக்கு வர ஒம்பதே முக்கால். கைக்கு வர்ற சம்பளம் 38,000. கிரெடிட் கார்டுல 24,000 பாக்கி நிக்குது, தூக்கம் ஒரு மணிக்கு மேல, ஒரு வருஷத்துல பேன்ட் சைஸ் ஏறிருச்சு. "மாமா, செலவ குறைக்கணும், போன குறைக்கணும், வெயிட்ட குறைக்கணும்"னு மூணு தனித்தனி பிரச்சனையா கொண்டு வந்தான். எழுதிப் பாத்தா மூணும் ஒண்ணுதான்.

படி 1: ஒரு வாரம் எதையும் மாத்தாம, பாக்க மட்டும் செய்ங்க

இதுல எல்லாரும் அவசரப்படுவாங்க, மொத நாளே ஆப்ப டிலீட் பண்ணிட்டு நிப்பாங்க. பண்ணாதீங்க. ஒரு வாரம் எப்பவும் இருக்குற மாதிரியே இருங்க. டைரி எழுதவும் வேண்டாம், உங்க போனே ஏற்கனவே எழுதி வச்சிருக்கு. மூணு இடத்துல பாருங்க. ஒண்ணு, யூபிஐ ஆப்போட ஹிஸ்டரி. ரெண்டு, சாப்பாட்டு ஆப்ல பழைய ஆர்டர் லிஸ்ட், அதுல நேரமும் இருக்கும். மூணு, ஆண்ட்ராய்டுனா Settings உள்ள Digital Wellbeing & parental controls, அதுல Dashboard, ஒவ்வொரு ஆப்பையும் தொட்டா மணி வாரியா எவ்வளவு நேரம் ஓடுச்சுன்னு காட்டும். ஐபோன்னா Settings உள்ள Screen Time.

இந்த மூணையும் ஒரு பேப்பர்ல பக்கத்து பக்கத்துல நேர வரிசையா எழுதுங்க. தனித்தனியா பாத்தா ஒண்ணும் தெரியாது, சேத்து வச்சாதான் தெரியும். மச்சினனோட ஒரு செவ்வாக்கிழமை ராத்திரி இப்படி இருந்துச்சு: 9.50க்கு வந்து பேன்ட் கூட மாத்தாம கட்டில்ல சாஞ்சு ரீல்ஸ். 10.40க்கு சாப்பாட்டு ஆப்ல இருந்து ஒரு நோட்டிபிகேஷன், 10.46க்கு எக் ப்ரைட் ரைஸ் ஆர்டர், சாப்பாடு 180தான், பேக்கிங், டெலிவரி, ப்ளாட்பார்ம் பீஸ், வரி எல்லாம் சேர்ந்து 264. வர்ற வரைக்கும் என்ன பண்றது, மறுபடி ரீல்ஸ். 11.10க்கு நடுவுல ஒரு ஷூ விளம்பரம், 1,299, கார்டுல போட்டாச்சு. 11.25க்கு சாப்பாடு வந்துச்சு, சாப்பிட்டதும் வயிறு கனம், படுத்தா தூக்கம் வரல, மறுபடி போன், 12.50 வரைக்கும். அடுத்த நாள் எந்திரிக்க லேட்டு, காலை டிபன் கட்.

வாரத்துல மூணு நாலு ராத்திரி இதே கதைதான், ஷூவுக்கு பதிலா வேற ஏதோ ஒண்ணு. இங்க ஒரு விஷயத்த கவனிங்க, பகல்ல இவன் எந்தத் தப்பும் பண்றதில்ல. "எனக்கு கட்டுப்பாடே இல்ல"ன்னு சொல்றவங்களுக்கு பெரும்பாலும் ஒரு நாள்ல ரெண்டு மணி நேரம்தான் கட்டுப்பாடு இல்ல, மிச்சம் இருவத்திரெண்டு மணி நேரம் ஒழுங்காத்தான் இருக்காங்க. அந்த ரெண்டு மணி நேரத்த கண்டுபிடிக்கிறதுதான் மொத வேல. உங்களுக்கு அது மத்தியானம் மூணு மணியா இருக்கலாம், ஞாயித்துக்கிழமை சாயங்காலமா இருக்கலாம், மாமியார் போன் பண்ணி வச்சதுக்கு அப்புறம் வர்ற அரை மணி நேரமா கூட இருக்கலாம்.

படி 2: சங்கிலியோட மொத கண்ணிய பிடிங்க

கடைசி கண்ணிலதான் எல்லாரும் சண்டை போடுறாங்க, அதாவது ஆர்டர் பட்டனுக்கு மேல கட்டவிரல் நிக்கும்போது. அங்க தோக்கத்தான் செய்வோம். பின்னாடியே நடந்து போய் இது எங்க ஆரம்பிச்சதுன்னு பாருங்க.

மச்சினன் மத்தியானம் ரெண்டு மணிக்கு கேன்டீன்ல சாப்பிடுறான், அஞ்சு மணிக்கு ஒரு டீ, ரெண்டு பிஸ்கட். அதுக்கப்புறம் ஒம்பதே முக்கால் வரைக்கும் ஒண்ணும் இல்ல. கிட்டத்தட்ட எட்டு மணி நேரமா சரியான சாப்பாடே இல்லாம வந்து படுக்குறவன் கையில போன் இருந்தா ஆர்டர் போடாம என்ன பண்ணுவான். இத குணக்கேடுன்னு சொல்லக் கூடாது, பசி அது. மேல "தீந்தது வேற ஏதோ"ன்னு சொன்னேன்ல, இதத்தான் சொன்னேன்.

ஸோ மொத மாத்தம் ராத்திரில இல்ல, சாயங்காலம் ஆறரைக்கு. ஆபீஸ் கேன்டீன்ல சுண்டல், இல்லன்னா ரெண்டு அவிச்ச முட்டை, இல்ல வாழப்பழமும் ஒரு கை வேர்க்கடலையும். பிஸ்கட்ட விட இது வயித்துல நிக்கும், புரதமும் நாரும் இருக்குறதால. ரெண்டாவது, ரூம்ல ப்ரிட்ஜ்ல தோசை மாவு. இது ரொம்ப முக்கியம், "ஆர்டர் போட மாட்டேன்"ங்கிற முடிவு மட்டும் இருந்து சாப்பிட வேற ஒண்ணும் இல்லன்னா அந்த முடிவு அரை மணி நேரம் கூட தாங்காது. ஆர்டர் வர 35, 40 நிமிஷம் ஆகுது, தோசைக்கு பத்து நிமிஷம். மிளகாப்பொடியும் நல்லெண்ணையும் இருந்தா சட்னி கூட வேண்டாம். மாவு பாக்கெட்ட ஞாயித்துக்கிழமையும் புதன்கிழமையும் வாங்கி வைக்கிறதுதான் இங்க நிஜமான சுயக்கட்டுப்பாடு, ராத்திரி பத்தரைக்கு நடக்குறது அதோட விளைவு மட்டும்தான்.

வீட்ல இருக்குறவங்களுக்கு ஆர்டர் பிரச்சனை இருக்காது, மிக்சர் பாக்கெட் பிரச்சனை இருக்கும். 100 கிராம் மிக்சர்ல 500 கலோரிக்கு மேல இருக்கு, 200 கிராம் பாக்கெட்ட மடியில வச்சுக்கிட்டு சீரியல் பாத்தா எங்க நிறுத்துறதுன்னு கைக்கு தெரியாது. பாக்கெட்டுக்கு பின்னாடி போட்டிருக்குற "ஒரு பரிமாறல்" கணக்கு 20, 30 கிராமுக்குத்தான், அது ஒரு கைப்பிடி. அதனால வாங்கக் கூடாதுன்னு சொல்லல. ஒரு சின்ன கிண்ணத்துல கொட்டிட்டு, பாக்கெட்டுக்கு ரப்பர் பேண்ட் போட்டு, டப்பால போட்டு மேல் ஷெல்ப்ல ஏத்திட்டு, அப்புறம் வந்து உக்காருங்க. ரெண்டாவது கிண்ணம் வேணும்னா எந்திரிச்சு போய் எடுத்துக்கலாம், தடை ஒண்ணும் இல்ல. முக்கால்வாசி பேரு எந்திரிக்க மாட்டாங்க.

படி 3: போனுக்கும் கட்டிலுக்கும் நடுவுல தூரம்

கண்ணுல படாம வைக்கிறது எவ்வளவு வேல செய்யும்னு வால்டர் மிஷெல்ங்கிற உளவியலாளர் ஸ்டான்போர்டுல குழந்தைங்கள வச்சு பண்ண சோதனைல தெரிஞ்சது. "இப்பவே வேணும்னா ஒண்ணு, நான் திரும்ப வர்ற வரைக்கும் காத்திருந்தா ரெண்டு"ன்னு சொல்லி தின்பண்டத்த வச்சுட்டு போவாங்க. இத பத்தி பேசுறவங்க எல்லாரும் "காத்திருந்த குழந்தைங்க பின்னாடி பெரிய ஆளா வந்தாங்க"ன்னு முடிப்பாங்க, 2018ல பெரிய அளவுல திரும்ப பண்ணிப் பாத்தப்போ குடும்பச் சூழ்நிலைய கணக்குல சேத்ததும் அந்த வித்தியாசம் ரொம்ப சுருங்கிருச்சு. ஆனா பயன்படுற இன்னொரு விஷயத்த யாரும் சொல்றதில்ல: தின்பண்டத்த மூடி வச்சப்போ குழந்தைங்க ரொம்ப நேரம் காத்திருந்துச்சுங்க, கண்ணு முன்னாடி இருந்தப்போ சீக்கிரமே எடுத்துடுச்சுங்க. குழந்தை அதேதான், தட்டுக்கு மூடி போட்டதுதான் வித்தியாசம்.

போனுக்கு மூடி போடுறது எப்படின்னா, சார்ஜர கட்டில் பக்கத்துல இருந்து எடுத்து ரூமோட அந்தக் கோடிக்கு மாத்துங்க. வொயர் நீளம் கட்டில் வரைக்கும் வரக் கூடாது, இத சொல்லாம விட்டா ரெண்டு மீட்டர் கேபிள் வாங்கிட்டு வந்துருவீங்க. அலாரத்துக்கு போன் வேணும்ங்கிறதுதான் எல்லாரோட சாக்கு, அதனால கடையில ஒரு சாதா அலாரம் கடிகாரம் வாங்கிருங்க, எரநூறு முன்னூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சிரும்.

அடுத்து ஆப் டைமர். Digital Wellbeing-ல ஒவ்வொரு ஆப்புக்கும் ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு வைக்கலாம், நேரம் முடிஞ்சா ஐகான் சாம்பல் கலர் ஆயிரும், திறக்காது. இதுல ஒரு ஓட்டை இருக்கு, மச்சினன் அதுல விழுந்துதான் கண்டுபிடிச்சோம்: அந்த டைமர் நடுராத்திரி 12 மணிக்கு ரீசெட் ஆகும். 45 நிமிஷம் வச்சிருந்தான், 11.40க்கு தீந்துச்சு, இருவது நிமிஷம் சும்மா படுத்திருந்தான், 12 அடிச்சதும் புது 45 நிமிஷம் கைல. பகல்ல போன் பாக்குறவங்களுக்கு டைமர் போதும், ராத்திரி ஆளுங்களுக்கு Bedtime mode வைங்க, நேரம் குறிச்சு வச்சா ஸ்க்ரீன் கருப்பு வெள்ளையா மாறிரும், நோட்டிபிகேஷன் சத்தம் நின்னுரும். கருப்பு வெள்ளைல ரீல்ஸ் பாருங்க, சப்புன்னு இருக்கும். ஐபோன்ல App Limits வச்சா நேரம் முடிஞ்சதும் Ignore Limit-னு ஒரு பட்டன் வரும், அத அமுக்குறது ஒரு வாரத்துல அனிச்சை செயலாயிரும், அதனால Screen Time பாஸ்கோட நீங்க வைக்காம பொண்டாட்டியையோ ரூம்மேட்டையோ வைக்கச் சொல்லுங்க.

யூட்யூப்ல ஒரு நல்ல வழி, வாட்ச் ஹிஸ்டரிய ஆப் பண்ணி பழசையும் அழிச்சுட்டீங்கன்னா ஹோம் பக்கத்துல வீடியோ எதுவும் வராது, காலியா இருக்கும். வேணுங்கிறத தேடிப் பாக்கலாம், தானா ஊட்டி விடுறது நின்னுரும். சாப்பாட்டு ஆப், ஷாப்பிங் ஆப் ரெண்டுக்கும் நோட்டிபிகேஷன் கட் பண்ணுங்க, இதுக்கு யோசிக்கவே வேண்டியதில்ல. ஆர்டர் போட்டா எங்க வந்துட்டு இருக்குன்னு ஆப்ப திறந்தே பாத்துக்கலாம்.

படி 4: பணத்துக்கு ஒரு சின்ன பாத்திரம்

செலவுல கட்டுப்பாடுன்னா பட்ஜெட் ஷீட்டுன்னு நெனைக்கிறாங்க. ஷீட்டு போன மாசத்த பத்தித்தான் பேசும், 11.10க்கு ஷூ விளம்பரம் வரும்போது அது எங்கயோ லேப்டாப்ல தூங்கிட்டு இருக்கும். அந்த நேரத்துல வேல செய்யிறது ஒண்ணே ஒண்ணுதான், கையில எட்டுற பணம் எவ்வளவுங்கிறது.

பண்ண வேண்டியது: சம்பளம் வர்ற அக்கவுண்ட யூபிஐ ஆப்ல இருந்து எடுத்துருங்க. ரெண்டாவதா ஒரு சேவிங்ஸ் அக்கவுண்ட், பழைய கம்பெனி அக்கவுண்ட் சும்மா கிடக்கும்ல அது கூட போதும், மினிமம் பேலன்ஸ் அபராதம் இருக்கான்னு மட்டும் பாத்துக்குங்க. அத மட்டும் யூபிஐல இணைங்க. ஒவ்வொரு திங்கக்கிழமையும் சம்பள அக்கவுண்ட்ல இருந்து அதுக்கு ஒரு தொகை தானா போற மாதிரி வைங்க. வாடகை, லோன், வீட்டுக்கு அனுப்புறது எல்லாம் சம்பள அக்கவுண்ட்ல இருந்தே போகட்டும். மச்சினனுக்கு வாரம் 1,800, பெட்ரோல், டீ, டிபன், மாவு, எல்லாத்துக்கும் சேர்த்து. மாசம்னு வைக்காதீங்க, மாசக் கணக்குல மொத வாரம் ராஜா, கடைசி வாரம் கடன்காரன். வாரக் கணக்குல தப்பு பண்ணாலும் திங்கக்கிழமை புதுசா ஆரம்பிக்கலாம்.

கார்டு: ஷாப்பிங் ஆப்ல சேவ் பண்ணி வச்சிருக்குற கார்டுகள அழிச்சுருங்க. பேங்க் ஆப்ல ஆன்லைன் ட்ரான்சாக்ஷன ஆப் பண்ற வசதியும் லிமிட் வைக்கிற வசதியும் எல்லா பேங்க்கும் குடுத்தாகணும், ரிசர்வ் பேங்க் 2020லயே கொண்டு வந்த விதி. ஆப் பண்ணி வச்சுட்டா வாங்கணும்னு தோணும்போது பேங்க் ஆப்புக்குள்ள போய் ஆன் பண்ணணும், லாகின், ஓடிபின்னு ரெண்டு மூணு நிமிஷம் ஆகும். அந்த ரெண்டு நிமிஷத்துல "ஏற்கனவே ரெண்டு ஷூ இருக்கே"ன்னு ஞாபகம் வந்துரும்.

"இன்னும் 2 பீஸ்தான் இருக்கு", "ஆபர் 09:58 நிமிஷத்துல முடியுது"ன்னு ஓடுற கடிகாரத்த நம்பாதீங்க. 2023 நவம்பர்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்த மாதிரி 13 தந்திரங்கள பட்டியல் போட்டு தடை பண்ணிருக்கு, பொய்யான அவசரம் காட்டுறது, கேக்காத பொருள கூடைல சேக்குறது, வேண்டாம்னு சொன்னா குத்த உணர்ச்சி வர்ற மாதிரி எழுதுறது எல்லாம் அதுல வருது. தடை இருந்தும் பாக்குறோம்ல. வேணும்னு தோணுறத ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒரு போல்டர்ல போடுங்க, சம்பளத்துக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை மட்டும் அந்த போல்டர திறங்க. அப்பவும் வேணும்னு தோணுனா தாராளமா வாங்குங்க.

இப்போ அந்த 24,000 பாக்கிய பாப்போம், ஏன்னா இதுல என்ன நடக்குதுன்னு அவனுக்கே தெரியல. வட்டி மாசம் 3.5 சதவீதம், அதாவது 840, அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 151, ஆக மொத்தம் 991. அவன் மாசம் 2,000 கட்டிட்டு இருந்தான், அதுல பாதி வட்டிக்கே போகுது. புதுசா ஒரு ரூபா கூட தேய்க்காம இப்படியே ஆறு மாசம் கட்டுனாலும் பாக்கி 17,000க்கு மேல நிக்கும். அது போக முழு பாக்கியையும் கட்டாத வரைக்கும் புதுசா வாங்குற பொருளுக்கு வட்டியில்லாத நாட்களும் பொதுவா கிடையாது, வாங்குன தேதில இருந்தே வட்டி ஓடும்.

ராத்திரி ஆர்டர் மாசத்துக்கு 14ல இருந்து 4 ஆச்சு, ஒவ்வொண்ணும் சுமாரா 260னு வச்சா 2,600 மிச்சம், அத அப்படியே கார்டுக்கு திருப்புனா மாசம் 4,600. அப்போ அதே ஆறாவது மாசம் பாக்கி சுத்தமா முடியுது, மொத்த வட்டி 3,600க்குள்ள. தோசைக்கும் மாவுக்கும் ஆகுற செலவ கழிச்சா ஒரு மாசம் கூட ஆகலாம், அவ்வளவுதான். வருமானம் சின்னதா இருந்தாலும் கேடில்ல, வெளிய போற வழி அகலமாகாம இருந்தா போதும்னு குறள் சொல்றது வலியறிதல் அதிகாரத்துல, ராஜாவுக்கு சொன்னது. கிரெடிட் கார்டு வச்சிருக்குறவனுக்கு இன்னும் நல்லா பொருந்துது.

படி 5: முன்கூட்டியே எழுதி வச்ச ஒரு வாக்கியம்

இவ்வளவு பண்ணியும் ஆசை வரும், வராம இருக்காது. அப்போ என்ன பண்றதுன்னு அப்போ யோசிக்கக் கூடாது. பீட்டர் கோல்விட்சர்ங்கிற உளவியலாளர் ரொம்ப வருஷம் ஆராய்ஞ்சது இதைத்தான், "குறைச்சுக்கணும்"னு பொதுவா முடிவு பண்றத விட "இது நடந்தா நான் இதச் செய்வேன்"னு குறிப்பா எழுதி வச்சவங்க அதிகமா செஞ்சு முடிக்கிறாங்க. மச்சினன் எழுதுனது மூணே வரி: ரூமுக்குள்ள வந்ததும் போன சார்ஜர்ல போட்டுட்டுதான் ஷூவ கழட்டுவேன். சாப்பிடணும்னு தோணுனா மொதல்ல அடுப்புல தோசைக்கல்ல வைப்பேன். அப்பவும் வெளிச் சாப்பாடு வேணும்னு இருந்தா கால் மணி நேரம் கழிச்சு ஆர்டர் போடுவேன்.

மூணாவது வரி தோத்துப் போற மாதிரி தெரியும், ஆனா அதுதான் மத்த ரெண்டையும் காப்பாத்துது. "போடவே மாட்டேன்"னு எழுதிருந்தா மனசு அத மட்டுமே நெனச்சுக்கிட்டு இருக்கும். "போடலாம், கொஞ்சம் கழிச்சு"ன்னு இருந்தா சண்டை இல்ல. சும்மா உக்காந்து காத்திருக்காதீங்க, கல்லு சூடாகுற சத்தமோ குளிக்கிறதோ ஏதாவது ஒண்ணு அந்த நேரத்துல ஓடணும்.

படி 6: தவறுன மறுநாள்

இங்கதான் பெரும்பாலான பேரு ஆட்டத்த விட்டு வெளிய போறாங்க. 1975ல ஒரு சோதனை, டயட்ல இருக்குறவங்களுக்கு மொதல்ல மில்க்ஷேக் குடுத்துட்டு அப்புறம் ஐஸ்க்ரீம் வேணுங்கிற அளவு சாப்பிடுங்கன்னாங்க. மத்தவங்க மில்க்ஷேக் குடிச்சா ஐஸ்க்ரீம் கம்மியா சாப்பிட்டாங்க, டயட் ஆளுங்க குடிச்சதுக்கப்புறம் இன்னும் அதிகமா சாப்பிட்டாங்க. எப்படியும் கெட்டுப்போச்சு, இனிமே என்னன்னு. கல்யாண வீட்ல ஒரு ஜாங்கிரி சாப்பிட்டுட்டு "இன்னைக்கு டயட் போச்சு"ன்னு நாலு சாப்பிடுற நம்ம அண்ணன்கள நெனச்சுக்குங்க. உண்மைல கெடுதல் பண்றது மொத ஜாங்கிரி இல்ல, பின்னாடி வர்ற மூணுதான்.

அதனால ரெண்டு விதி. தவறுனதுக்கு பரிகாரமா அடுத்த நாள் பட்டினி கிடக்காதீங்க, ராத்திரி திரும்பவும் அதே பசி, அதே சங்கிலி. அடுத்த சாப்பாட்ட எப்பவும் போல அதே நேரத்துல சாப்பிடுங்க. ரெண்டாவது, தன்னை திட்டிக்கிறதுக்கு பதிலா படி 1ல போட்ட மாதிரி அந்த ஒரு ராத்திரிய மட்டும் நேர வரிசையா எழுதுங்க, எந்தக் கண்ணி உடைஞ்சதுன்னு தெரியும். மச்சினனுக்கு பெரும்பாலும் மாவு தீந்துபோன நாள்லதான் உடையுது. அதுக்கு மருந்து மன உறுதி இல்ல, இன்னொரு பாக்கெட் மாவு.

எப்போ இது குணமாச்சுன்னு தெரியும்

வெளிய இருந்து ஒருத்தரும் கண்டுபிடிக்க முடியாது, உள்ள ஒரு அடையாளம் இருக்கு. மொதல் சில வாரம் ஆர்டர் போடாத ராத்திரில "இன்னைக்கு போடல"ன்னு ஒரு பெருமையும் ஒரு எரிச்சலும் சேர்ந்து இருக்கும், அரிஸ்டாட்டில் சொன்ன மொத ஆளு இது. ரெண்டு மூணு மாசம் கழிச்சு ஒரு நாள், போடலங்கிறதே ஞாபகம் வராது. அந்த இடத்துல டைமரையும் பூட்டையும் கொஞ்சம் கொஞ்சமா கழட்டிப் பாக்கலாம், ஒரே நேரத்துல எல்லாத்தையும் இல்ல. மொதல்ல ஆப் டைமர், அப்புறம் கார்டு. சார்ஜர் மட்டும் அந்தக் கோடிலயே இருக்கட்டும், அத திரும்ப கொண்டு வந்து ஜெயிச்ச ஆள நான் பாத்ததில்ல.

எதிர்ப்பக்கமும் ஒரு பள்ளம் இருக்கு. ப்ரெண்டு பர்த்டேக்கு போய் "நான் வெளிச் சாப்பாடு சாப்பிடுறதில்ல"ன்னு தண்ணி மட்டும் குடிச்சுட்டு மத்தவங்க தட்ட பாத்து கமெண்ட் அடிக்கிறது, அம்மாவுக்கு சேலை எடுக்க 1,500 செலவு பண்ண மனசு வராம எக்செல் ஷீட்ட காட்டுறது, இதெல்லாம் கட்டுப்பாடு இல்ல, கட்டுப்பாட்டு மேல வந்த ஆசை. மச்சினன் ஒரு தடவ அக்கா வீட்டுக்கு வந்து பாயசத்த வேண்டாம்னான், அவ முகம் சுருங்கிப்போச்சு. "மாப்ள, உன் கணக்கு ராத்திரி பத்தரைக்குத்தான, இது மத்தியானம் ஒண்ணரை, குடி"ன்னேன்.

இந்த வழி எங்க செல்லாதுன்னும் தெரிஞ்சுக்குங்க. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்குறவங்க சாப்பாட்டு நேரத்த மாத்துறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேளுங்க, லோ சுகர் வந்துரும். வயிறு வலிக்கிற அளவுக்கு ஒளிஞ்சு சாப்பிட்டு அப்புறம் வாந்தி எடுக்குறது, நாள் கணக்குல சாப்பிடாம கிடக்குறது எல்லாம் நோய், அங்க இந்த மாதிரி கணக்கு போட்டா இன்னும் மோசமாகும். ஆன்லைன்ல பணம் வச்சு ஆடி, விட்டத பிடிக்கணும்னு லோன் ஆப்ல கடன் வாங்குற ஆளுக்கு சார்ஜர மாத்தி வச்சா ஒண்ணும் ஆகாது, வீட்ல யாராவது ஒருத்தர்கிட்ட முழு தொகையையும் சொல்லிட்டு பண அக்கவுண்ட அவங்க கையில குடுத்துட்டு உதவிக்கு போகணும். மத்திய அரசோட டெலி மானஸ் நம்பர் 14416, காசு கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயும் பேசலாம். போன் அடிமைத்தனத்துக்குன்னே பெங்களூர் நிம்ஹான்ஸ்ல ஷட் கிளினிக்னு ஒண்ணு 2014ல இருந்து நடக்குது, பள்ளிக்கூடம் போற பையன் போன பிடுங்குனா சாமான உடைக்கிற அளவுக்கு போயிருந்தா அந்த மாதிரி இடத்துக்குத்தான் கூட்டிட்டு போகணும்.